11 டீம் வந்தால் யாருக்கு 'பை'? பள்ளி கபடிப் போட்டிக்குத் தப்பில்லாத டிரா போடுவது எப்படி?

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. பக்கத்து ஊர் பள்ளி ஒன்றில் மாணவிகளுக்கான கபடிப் போட்டி. விடியற்காலையிலேயே வேன் ஏறிப் போனோம். மொத்தம் 11 டீம்.

முதல் சுற்றில் 10 டீம்கள் மோதின. மிச்சமிருந்த ஒரு டீமுக்கு 'பை' கொடுத்தார்கள். ('பை' என்றால் அந்தச் சுற்றில் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போவது. சாப்பாட்டுப் பை என்று நினைத்து ஏமாந்த வயது எனக்கு அப்போது!) 6 டீம் ஆனது. அடுத்த சுற்றில் 3 ஆனது. அந்த மூன்றில் எங்கள் டீமும் ஒன்று.

மூன்று டீமை வைத்துக்கொண்டு செமி ஃபைனல் எப்படி நடத்துவது? சீட்டுக் குலுக்கினார்கள். ஒரு டீம் நேராக ஃபைனலுக்குப் போய்விட்டது. மற்ற இரண்டு டீமும் மோதினோம். இரண்டே பாயின்டில் ஜெயித்தோம். எங்கள் ரெய்டர் அக்காவுக்கு முட்டியெல்லாம் சிராய்ப்பு. காயத்தைக் கழுவிவிட்டு வருவதற்குள் ஃபைனலுக்கு விசில் ஊதிவிட்டார்கள். எதிரே நின்ற டீமோ ஒரு மணி நேரமாக வேப்பமர நிழலில் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தது. முடிவைச் சொல்லவே வேண்டாம்.

"அவங்களுக்கு 'பை' விழுந்துச்சு. எல்லாம் அதிர்ஷ்டம்தான்" என்று வேனில் யாரோ சமாதானம் சொன்னார்கள். நானும் பல வருடங்கள் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

சமீபத்தில், ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவரிடம் பேசியபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அது அதிர்ஷ்டம் இல்லம்மா. டிரா போட்டவங்க செஞ்ச தப்பு. 'பை' எல்லாத்தையும் முதல் ரவுண்டுலயே கொடுத்து முடிச்சிடணும். செமி ஃபைனல்ல 'பை' வருதுன்னா பிக்ஸ்சர் தப்புன்னு அர்த்தம்" என்றவர், ஒரு சார்ட் பேப்பரையும் ஸ்கேலையும் எடுத்துவைத்துவிட்டார். அதே 11 டீமுக்குச் சரியான டிரா எப்படிப் போடுவது என்று அன்று கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

விம்பிள்டனிலேயே நடந்த தப்பு!

இந்தத் தவறை எங்கள் ஊர்ப் பக்கத்தில் மட்டும்தான் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1877-ல் நடந்த முதல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டியிலும் இதேதான் நடந்தது. பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். முதல் சுற்று முடிந்ததும் 11 பேர். ஆமாம், எங்களைப் போலவே 11! அடுத்து 6, அதற்கடுத்து 3. செமி ஃபைனலில் ஸ்பென்சர் கோர் என்பவரும் ஹீத்கோட் என்பவரும் மோத, வில்லியம் மார்ஷல் ஆடாமலேயே ஃபைனலுக்குப் போனார். ஃபைனலில் கோர்தான் ஜெயித்தார் என்பதால் அன்றைக்குப் பெரிய அநியாயம் நடக்கவில்லை. ஆனால், முறை தப்பு என்பது தப்புதான்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒற்றைப்படை வரும்போதெல்லாம் ஒரு 'பை' கொடுத்துக்கொண்டே போனால் கடைசியில் இப்படித்தான் சிக்கும். இதைச் சரிசெய்ய, பேக்னால் வைல்ட் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு யோசனை சொன்னார். எல்லா 'பை'களையும் முதல் சுற்றிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அது. 1880-களில் விம்பிள்டன் அந்த முறைக்கு மாறியது. இன்று நம் ஊர் உடற்கல்வி ஆசிரியர்கள் சார்ட் பேப்பரில் போடும் பிக்ஸ்சரும் அதே அடிப்படையில்தான் போடப்படுகிறது.

முதல் கணக்கு: 16-லிருந்து கழியுங்கள்

நாக் அவுட் போட்டி சிக்கலில்லாமல் நடக்க வேண்டுமென்றால், டீம்களின் எண்ணிக்கை 2, 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகும் வரிசையில் இருக்க வேண்டும். 16 டீம் என்றால் 8 ஆகும், 4 ஆகும், 2 ஆகும். எந்த இடத்திலும் யாரும் தனியாக நிற்க மாட்டார்கள்.

நம்மிடம் இருப்பது 11. அந்த வரிசையில் 11-ஐ அடுத்து வருவது 16. எனவே, 16-லிருந்து 11-ஐக் கழித்தால் 5. இந்த 5-தான் 'பை'களின் எண்ணிக்கை.

"அஞ்சு டீம் ஆடாம நிக்கிறதா? அது ரொம்ப அதிகமா தெரியுதே சார்?" என்று கேட்டேன்.

"கணக்குப் போட்டுப் பாரும்மா. அஞ்சு டீமுக்கு 'பை'. மிச்சம் ஆறு டீம். அது மூணு மேட்ச். மூணு பேர் ஜெயிப்பாங்க. மூணும் அஞ்சும் எட்டு. எட்டுன்னா கால் இறுதி. அதுக்கப்புறம் யாருக்கும் 'பை' கிடையாது. எல்லாரும் ஆடித்தான் ஆகணும்."

அதாவது, முதல் சுற்றின் ஒரே வேலை, 11 டீமை 8 டீமாகக் குறைப்பதுதான். மூன்று டீம் குறைய வேண்டும், அதற்கு மூன்று மேட்ச் போதும்.

சரிபார்க்க ஓர் எளிய வழியும் சொன்னார். நாக் அவுட்டில் ஒரு மேட்சுக்கு ஒரு டீம் வெளியேறும். 11 டீமில் ஒன்று சாம்பியன் ஆக வேண்டுமென்றால் 10 டீம் வெளியேற வேண்டும். ஆக, மொத்தம் 10 மேட்ச். நம் டிராவில் முதல் சுற்றில் 3, கால் இறுதியில் 4, அரையிறுதியில் 2, ஃபைனல் 1. கூட்டினால் 10. டிரா போட்டு முடித்ததும் மேட்ச்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எங்கோ கோடு தப்பாக விழுந்திருக்கிறது. மூன்றாம் இடத்துக்குத் தனியாக மேட்ச் வைத்தால் மட்டும் ஒன்று கூடும்.

இரண்டாவது வேலை: மேல் பாதி, கீழ்ப் பாதி

சார்ட் பேப்பரில் மேலிருந்து கீழாக 1 முதல் 11 வரை எண்களை எழுதி, நடுவில் ஒரு கோடு போட வேண்டும். ஒற்றைப்படை என்பதால் சரிபாதியாகப் பிரியாது. அப்போது மேல் பாதிக்கு ஒன்று கூடுதலாகக் கொடுப்பது வழக்கம். 1 முதல் 6 வரை மேல் பாதி. 7 முதல் 11 வரை கீழ்ப் பாதி.

ஒவ்வொரு பாதியிலும் 8 இடங்கள் இருப்பதாகக் கணக்கு. மேல் பாதியில் 6 டீம், எனவே 2 'பை'. கீழ்ப் பாதியில் 5 டீம், எனவே 3 'பை'. மேலே ஒரு டீம் கூடுவதை, கீழே ஒரு 'பை' கூடிச் சரிசெய்துவிடுகிறது.

அந்த 5 'பை'களும் எந்தெந்த எண்ணுக்கு? இதற்கு உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வரிசை இருக்கிறது. முதல் 'பை' கீழ்ப் பாதியின் கடைசி எண்ணுக்கு. இரண்டாவது, மேல் பாதியின் முதல் எண்ணுக்கு. மூன்றாவது, கீழ்ப் பாதியின் முதல் எண்ணுக்கு. நான்காவது, மேல் பாதியின் கடைசி எண்ணுக்கு. ஐந்தாவது வந்தால் மறுபடி கீழ்ப் பாதிக்குப் போய், கடைசி எண்ணுக்கு மேலே இருக்கும் எண்ணுக்கு.

நம் கணக்கில் அது 11, 1, 7, 6, 10 என்று விழுகிறது. மீதி இருக்கும் எண்கள் அடுத்தடுத்து ஜோடி சேரும். 2-ம் 3-ம், 4-ம் 5-ம், 8-ம் 9-ம். அவ்வளவுதான், முதல் சுற்று தயார்.

இதைக் கால் இறுதி வரை நீட்டினால் இப்படி வரும்:

1-ம் எண் (பை) × 2, 3-ல் ஜெயிப்பவர்
4, 5-ல் ஜெயிப்பவர் × 6-ம் எண் (பை)
7-ம் எண் (பை) × 8, 9-ல் ஜெயிப்பவர்
10-ம் எண் (பை) × 11-ம் எண் (பை)

மேலே இருக்கும் இரண்டு வரியில் ஜெயிப்பவர்கள் முதல் அரையிறுதி. கீழே இருக்கும் இரண்டு வரியில் ஜெயிப்பவர்கள் இரண்டாவது அரையிறுதி.

மூன்றாவது வேலை: விதை தூவுவது

இதுவரை எண்கள் மட்டும்தான். இனி அந்த எண்களில் எந்தப் பள்ளியை உட்கார வைப்பது? எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாமே, அதுதானே நியாயம் என்று தோன்றும். அங்கேதான் ஒரு சிக்கல்.

'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' எழுதிய லூயிஸ் கரோலைத் தெரியும்தானே? அவருடைய நிஜப்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியார். 1883-ல் டென்னிஸ் போட்டிகளின் நாக் அவுட் முறையை விமர்சித்து ஒரு சிறு நூலே எழுதினார். வெறும் குலுக்கலில் டிரா போட்டால், முதலிடத்துக்குத் தகுதியானவர் ஜெயித்துவிடுவார். ஆனால், இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர் முதல் சுற்றிலேயே அவரிடம் மாட்டி வெளியேறிவிடலாம் என்பதுதான் அவர் ஆதங்கம்.

நம் 11 டீமுக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறந்த டீம் மேல் பாதியில் விழுந்தால், அதே பாதியில் இன்னும் 5 இடங்கள் இருக்கின்றன. கீழ்ப் பாதியில் விழுந்தால் 4 இடங்கள். இரண்டாவது சிறந்த டீம் அதே பாதியில் போய் விழ 45 சதவிகித வாய்ப்பு வருகிறது. அப்படி விழுந்தால் ஃபைனலில் மோத வேண்டிய இரண்டு டீமும் முன்னாலேயே மோதி, ஒன்று கோப்பையே இல்லாமல் வீட்டுக்குப் போகும். பலம் குறைந்த வேறொரு டீம் ரன்னர் கோப்பை வாங்கும். மாவட்டப் போட்டிக்கு யார் போவது என்பது இந்தக் கோப்பையை வைத்து முடிவாகிற இடங்களில், இது ஒரு மாணவியின் ஒரு வருட உழைப்பு.

இதைத் தடுக்கத்தான் சீடிங். வயலில் விதையை ஒரே இடத்தில் கொட்டாமல் பரவலாகத் தூவுவதுபோல, பலமான டீம்களைத் தள்ளித் தள்ளி வைப்பது. விம்பிள்டனே 1927-ல்தான் முழுமையான சீடிங்குக்கு வந்தது.

எங்கள் சாரின் சார்ட்டில் நான்கு பலமான டீம்களுக்குப் பூப் பெயர் வைத்தோம். சென்ற ஆண்டு சாம்பியன் மல்லி. ரன்னர் முல்லை. அரையிறுதி வரை வந்தவை தாமரை, செவ்வந்தி.

மல்லிக்கு 1-ம் எண், அதாவது உச்சி. முல்லைக்கு 11-ம் எண், அதாவது அடி. இரண்டும் ஃபைனலுக்கு முன்னால் சந்திக்கவே முடியாது. தாமரைக்கும் செவ்வந்திக்கும் 6, 7 எண்கள். எந்தப் பூவுக்கு எந்த எண் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யலாம். ஏனென்றால், இரண்டும் சென்ற ஆண்டு ஒரே கட்டத்தில் தோற்றவை. ஒன்றை உயர்த்தியும் ஒன்றைத் தாழ்த்தியும் வைக்கக் காரணமில்லை.

இப்போது மேலே போய் 'பை' விழுந்த எண்களைப் பாருங்கள். 11, 1, 7, 6. நான்கு சீட் டீம்களுக்கும் தானாகவே 'பை' வந்துவிட்டது! கோட்டின் இரு முனைகளிலும் நடுவிலும் 'பை' வைப்பதன் சூட்சுமம் இதுதான். கால் இறுதியில் நான்கு வரிகள், வரிக்கு ஒரு பூ.

'போன வருஷ டீம் இந்த வருஷம் இருக்கா?'

சென்ற ஆண்டு முடிவை வைத்து சீட் கொடுப்பதுதான் எளிது. எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், சண்டை வராது. ஆனால், பள்ளி விளையாட்டில் ஒரு விஷயம் இருக்கிறது. 17 வயதுக்கு உட்பட்டோர் டீமில் சென்ற ஆண்டு ஆடியவர்களில் பாதிப் பேர் வயது தாண்டிப் போயிருப்பார்கள். பெயர் அதே பள்ளி, ஆடுவது வேறு பிள்ளைகள்.

"அதனாலதான் நான் டிராவுக்கு முன்னாடி எல்லா பி.இ.டி. சாரையும் உக்கார வச்சுக் கேப்பேன். போன வருஷ டீம்ல எத்தனை பேர் இருக்காங்க, இந்த வருஷம் வேற எங்கயாவது ஜெயிச்சிருக்காங்களான்னு. எல்லாரும் ஒத்துக்கிட்டா அதுல மாத்துவேன். ஒத்துக்கலைன்னா போன வருஷ முடிவுதான். என் மனசுல தோணுறதை வச்சு சீட் குடுக்கவே மாட்டேன்" என்றார் சார்.

நான்கு டீமைப் பற்றியும் தெரியாது, இரண்டைப் பற்றி மட்டும்தான் தெரியும் என்றால், இரண்டுக்கு மட்டும் சீட் கொடுத்தால் போதும். ஒன்றுமே தெரியாத புதுப் போட்டி என்றால் முழுக் குலுக்கல்தான். தெரியாததைத் தெரிந்த மாதிரி சீட் போடுவது, குலுக்கலைவிட மோசம்.

10-ம் எண்ணின் கதை

ஐந்தாவது 'பை' 10-ம் எண்ணுக்கு விழுந்தது நினைவிருக்கிறதா? சீட் இல்லாத ஏழு டீமில் ஏதோ ஒன்று குலுக்கலில் அந்த இடத்துக்கு வரும். அதைக் கனகாம்பரம் என்று வைத்துக்கொள்வோம்.

'பை' கிடைத்ததில் கனகாம்பரம் டீமுக்கு ஒரே குஷி. ஆனால், கோட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள். அவர்கள் ஆடப்போகும் முதல் மேட்சே சென்ற ஆண்டு ரன்னர் முல்லையோடு! அதிலும் முல்லையும் 'பை' வாங்கி, களைப்பே இல்லாமல் வந்து நிற்கும். தோற்றால், அத்தனை தூரம் வந்தது ஒரே ஒரு மேட்சுக்கு.

அதே நேரம், 2-ம் எண்ணும் 3-ம் எண்ணும் சீட் இல்லாத டீம்கள். சம பலத்தில் ஒரு மேட்ச் ஆடி, ஜெயித்தவர் உடம்பு சூடாகி, பயம் தெளிந்து மல்லியை எதிர்கொள்வார்.

ஆகவே, 'பை' என்றாலே வரம் இல்லை. சீட் டீமுக்கு அது ஓய்வு. சீட் இல்லாத டீமுக்கு அது பெரிய டீமிடம் நேராகப் போய் நிற்கும் டிக்கெட். இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்கிறார் சார். போட்டி நடத்தும் பள்ளி, "எங்க டீமுக்கு அந்த 'பை'யைக் குடுத்துடுங்க" என்று கேட்டு வாங்குவது உண்டாம். "கேட்டு வாங்கி, முல்லைகிட்ட மாட்டி, முதல் மேட்ச்லயே வெளிய போனவங்களையும் பார்த்திருக்கேன். ஜெயிச்சிட்டாலும் கெட்ட பேருதான். அதனால அஞ்சாவது 'பை' எப்பவும் சீட்டுல வரணும்" என்று சிரித்தார்.

சீட்டு எடுக்கும் நேரம்

சீட் இல்லாத 7 டீம்களுக்கு மிச்சமிருக்கும் எண்கள் 2, 3, 4, 5, 8, 9, 10. ஒரே அளவில் வெட்டிய ஏழு துண்டுச் சீட்டில் இந்த எண்களை எழுதி, ஒரே மாதிரி மடித்து, டப்பாவில் போட வேண்டும். ஒவ்வொரு டீம் கேப்டனும் வந்து ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்த உடனே சார்ட்டில் எல்லோர் கண்முன்னும் எழுத வேண்டும்.

ஆசிரியர்கள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போட்ட டிரா, எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சந்தேகத்தைக் கிளப்பும். கேப்டன் கையால் எடுத்த சீட்டுக்கு அவரே சாட்சி. தோற்றாலும் டிராவைக் குறை சொல்ல மாட்டார்.

ஒரே பள்ளியிலிருந்து இரண்டு டீம் வந்திருந்தால், முதல் டீம் எந்தப் பாதியில் விழுந்ததோ அதற்கு எதிர்ப் பாதியின் எண்களிலிருந்து மட்டும் இரண்டாவது டீமை எடுக்கச் சொல்லலாம். ஆனால், இந்த விதியைச் சீட்டு எடுப்பதற்கு முன்னால் அறிவித்திருக்க வேண்டும். எடுத்த பிறகு சொன்னால் அது விதியில்லை, சலுகை.

எந்த மேட்ச் எப்போது?

டிரா சரியாக இருந்தும் போட்டி அநியாயமாக முடிவது உண்டு. காரணம், மேட்ச் நடத்தும் வரிசை. என் பள்ளிக் கதையில் இரண்டாவது தப்பு அதுதான். செமி முடிந்த கையோடு ஃபைனல்.

மாணவிகள் கபடியில் ஒரு பாதி 15 நிமிடம், நடுவில் 5 நிமிட இடைவேளை. மொத்தம் 35 நிமிடம். டைம் அவுட், டீம் மாறுவது எல்லாம் சேர்த்து ஒரு மேட்சுக்கு 45 நிமிடம் ஒதுக்குவோம். ஒரே மைதானம், காலை 8 மணிக்குத் தொடக்கம்.

முதல் மூன்று மேட்ச், முதல் சுற்று. 8.00-க்கு 2-ம் 3-ம், 8.45-க்கு 4-ம் 5-ம், 9.30-க்கு 8-ம் 9-ம். அடுத்து கால் இறுதி. இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். இப்போதுதான் ஆடி முடித்த 8, 9 ஜோடியில் ஜெயித்தவரையே மறுபடி கூப்பிட்டுவிடக் கூடாது.

சார் போட்ட வரிசை அழகாக இருந்தது. நான்காவது மேட்சாக 10.15-க்கு கனகாம்பரமும் முல்லையும். இருவருமே அதுவரை ஆடாதவர்கள் என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு மூச்சு வாங்க இடைவெளி கிடைக்கிறது. பிறகு 11.00-க்கு மல்லியின் மேட்ச், 11.45-க்கு 6-ம் எண்ணின் மேட்ச், 12.30-க்கு 7-ம் எண்ணின் மேட்ச். எண்ணிப் பார்த்தால், முதல் சுற்றில் ஜெயித்த மூன்று டீமுக்கும் சரியாக மூன்று மேட்ச் இடைவெளி. ஒருவருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

1.15-க்குச் சாப்பாடு. 2.15-க்கு மேல் பாதி அரையிறுதி, 3.00-க்குக் கீழ்ப் பாதி அரையிறுதி. கடைசியாக ஆடிய 7-ம் எண் வரிசை டீமுக்கு இதனால் கூடுதலாக ஓய்வு கிடைக்கிறது. இரண்டாவது அரையிறுதி 3.45-க்கு முடியும். உடனே விசில் ஊதாமல், 4.30-க்கு ஃபைனல். இந்த முக்கால் மணி நேரம்தான் அன்றைக்கு எங்களுக்குக் கிடைக்காமல் போனது.

மதிய வெயிலில் ஆட வைக்க மனமில்லை என்றால், கால் இறுதி வரை இரண்டு மைதானங்களில் நடத்திக்கொள்ளலாம். இடைவெளிக் கணக்கை மட்டும் மறுபடி பார்த்துவிட வேண்டும்.

வராத டீம், லேட்டாக வந்த டீம்

டிரா போட்டு முடித்த பிறகு ஒரு டீமின் வேன் பஞ்சர். வரவில்லை. என்ன செய்வது? டிராவைக் கலைக்கக் கூடாது. அந்த டீமின் எதிராளிக்கு 'வாக் ஓவர்' கொடுத்து, மேலே அனுப்ப வேண்டும். 'பை' என்பது டிராவிலேயே இருக்கும் காலி இடம். 'வாக் ஓவர்' என்பது எதிராளி வராததால் கிடைக்கும் வெற்றி. இரண்டையும் குழப்பி, 'பை' கூடிவிட்டதே என்று மறுபடி குலுக்கினால், ஏற்கெனவே எடுத்த சீட்டில் நல்ல இடம் கிடைத்தவர் சண்டைக்கு வருவார். அதில் நியாயமும் இருக்கும்.

இதற்கு நேர்மாறாக, டிரா முடிந்த பிறகு 12-வது டீம் வந்து நின்றால்? எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று அறிவித்திருந்தால், மறுத்துவிடலாம். அத்தனை தூரம் வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை, மற்ற டீம்களும் சம்மதிக்கின்றன என்றால் ஒரு வழி இருக்கிறது. 12 டீமுக்கு 'பை' 4 போதும். சீட் இல்லாமல் 'பை' வாங்கியது கனகாம்பரம் மட்டும்தான். எனவே, புது டீமை 10-ம் எண்ணுக்கு எதிராக முதல் சுற்றில் சேர்த்தால், வேறு யாருடைய கோடும் மாறாது. மேட்ச் ஒன்று கூடி 11 ஆகும். கனகாம்பரமும் முல்லையைச் சந்திக்கும் முன் ஒரு மேட்ச் ஆடிவிடும்.

உங்கள் பள்ளியில் வேறு எண்ணிக்கை என்றால்?

கழித்தல் கணக்கு மாறாது, ஆனால் சில எண்களில் கவனம் வேண்டும்.

13 டீம் வந்தால் 'பை' 3 மட்டுமே. வரிசைப்படி 13, 1, 8 எண்களுக்குப் போகும். நான்கு சீட் டீமில் ஒன்றுக்கு 'பை' கிடைக்காது. அது 7-ம் எண்ணில் உட்காரும் டீம். தாமரையா செவ்வந்தியா என்பதைச் சீட்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

15 டீம் வந்தால் ஒரே ஒரு 'பை'. பழைய வரிசைப்படி அது கடைசி எண்ணுக்கு, அதாவது ரன்னருக்குப் போய்விடும். சாம்பியன் முதல் சுற்று ஆட, ரன்னர் ஓய்வெடுப்பார். இது நியாயமாகப் படாது என்பதால், சீடிங் வைத்த போட்டியில் அந்த ஒரு 'பை' 1-ம் எண்ணுக்கு என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

17 டீம் வந்தால்தான் தலைவலி. அடுத்த எண் 32. 'பை' மட்டும் 15! முதல் சுற்றில் ஒரே ஒரு மேட்ச். கணக்குப்படி சரிதான். ஆனால், அந்த ஒரு மேட்சை மட்டும் முதல் நாள் மாலையோ, காலை வெகு சீக்கிரமாகவோ வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

எந்த எண்ணிக்கையிலும் நாக் அவுட்டுக்கு ஒரு குறை உண்டு. நம் 11 டீம் டிராவிலேயே, முதல் சுற்றில் தோற்கும் மூன்று டீமும், கனகாம்பரம்-முல்லை மேட்சில் தோற்கும் டீமும் ஒரே மேட்சோடு கிளம்ப வேண்டும். ஆக, குறைந்தது நான்கு டீம். மைதானமும் நேரமும் இருந்தால், அவர்களுக்குள் ஒரு நட்பு மேட்ச் வைத்துவிடுவது சாரின் வழக்கம். கோப்பையில் சேராது. ஆனால், ரிசர்வில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் அன்று கோர்ட்டில் இறங்கிவிடுவார்கள்.

பேசி முடித்துக் கிளம்பும்போது, என் பள்ளி டிராவைச் சாரிடம் வரைந்து காட்டினேன். 11, 6, 3, 2. அதன் பக்கத்திலேயே அவர் 11, 8, 4, 2 என்று எழுதினார்.

"உங்க டீம் அன்னிக்கு எப்படியும் தோத்திருக்கலாம்மா. ஆனா, ரெண்டு டீமும் ஒரே மாதிரி களைச்சுப் போய் ஃபைனலுக்கு வந்திருப்பீங்க. அப்புறம் தோத்தா, அது தோல்வி."

சார்ட் பேப்பரைச் சுருட்டி என்னிடமே கொடுத்துவிட்டார். அதை போட்டோ எடுத்து, எங்கள் பழைய கபடி டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். முதல் பதில் ரெய்டர் அக்காவிடமிருந்துதான் வந்தது.

"அப்ப அது அதிர்ஷ்டம் இல்லையாடி?"